சுவரில் மாட்டிய பாஸ்போர்ட்

ஃபைஸா மலேசியாவுக்குப் படிக்கக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. திருவிடந்தையில் தெருவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. தன்னைப் பெரிய ஆளாக அவள் எண்ணிக்கொள்ள அந்தக் காலைப்பொழுதே போதுமானதாக இருந்தது. மூன்று வருடத்தில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கினாள். அதோடு திரும்பியிருக்கலாம். வியட்நாம், ஜார்ஜியா என்று ஐந்து வருடம் ஊர்சுற்றிவிட்டுத்தான் வந்தாள்.

வந்ததும் பி.எட். படிக்க ஆசை வந்தது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் முதல்வர் ஜாய்ஸ், பட்டத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"வெளிநாட்டு டிகிரி நம்ம டிகிரிக்குச் சமம்னு இணைச் சான்றிதழ் வேணும்மா. டெல்லிக்கு ஆன்லைன்ல போடணும். அக்டோபர் முப்பது வரைக்கும் சீட்டை வெச்சிருப்பேன். அதுக்கப்புறம் என் கையில இல்ல."

ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வெங்கடேசன் விண்ணப்பத்தைத் திறந்தார். பிளஸ் டூ மதிப்பெண், பட்டம், எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் ஏறிவிட்டன.

"அங்க தங்கிப் படிச்சதுக்கு விசா பக்கம் கேக்குது. பழைய பாஸ்போர்ட்டக் குடு."

நாளைக்குக் கொண்டுவருவதாக ஃபைஸா சொன்னாள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது ரத்து முத்திரையோடு கைக்கு வந்த பழையதை அவள் சும்மா விடவில்லை. விசாவும் நாடுகளின் முத்திரையும் உள்ள பக்கங்களைக் கத்தரித்து, ஃபெவிகால் தடவி, அட்டையில் ஒட்டி, சட்டம் போட்டு, ஹாலில் மாட்டியிருந்தாள். வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்கவேண்டுமே!

மறுநாள் அந்தச் சட்டத்தோடு கடையில் போய் நின்றாள். வெங்கடேசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கல்யாண போட்டோவா?"

"விசா, அண்ணாத்த."

"அடப்பாவமே! இத்தப் போயி ஒட்டி வெச்சிகினு கீறியே."

அவர் பிளேடால் மெதுவாகக் கிளப்பினார். தாள் வந்தது, மாணவர் விசாவின் தேதி அட்டையிலேயே தங்கிவிட்டது.

வீட்டில் அம்மா ஷஹர்பானு சும்மா இருப்பாளா?

"நான் அப்பவே சொன்னேன், ஹால்ல காலண்டர மாட்டுடின்னு. நீதான் உலகம் சுத்தினவளாச்சே."

முழுநேர மாணவியாக வகுப்பில் இருந்தாள் என்று மலேசியப் பல்கலைக்கழகத்திலிருந்தே கடிதம் வாங்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அவர்களுக்கு ஃபைஸா ஆறு மெயில் அனுப்பினாள். ஆறாவதில், ஒரு காலத்தில் பெரிய ஆளாக இருந்தவள் கெஞ்சிக்கூட எழுதினாள். நவம்பர் ஒன்பதில் கடிதம் வந்தது. அதற்கு முன்பே, அக்டோபர் முப்பதாம் தேதி சாயங்காலம், ஜாய்ஸ் போன் செய்து, வருத்தத்தோடு, சீட்டை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். இருந்தாலும் ஃபைஸா கடிதத்தை ஏற்றி விண்ணப்பத்தை முடித்தாள். அடுத்த வருடமும் பி.எட். இருக்கத்தானே செய்யும்.

அதுவரை சும்மா இருப்பானேன் என்று வெங்கடேசன் கடையிலேயே உட்கார்ந்து, வெளிநாட்டில் படித்து வந்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பினாள். "பாஸ்போர்ட்ட எதுலயும் ஒட்டலியே?" என்பதே அவள் கேட்கும் முதல் கேள்வி. வந்தவர்கள் இவளுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு பகல், யாருடைய மதிப்பெண் பட்டியலையோ ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. டெல்லியிலிருந்து மெயில்: உங்கள் பட்டம் இந்திய இளங்கலைப் பட்டத்துக்கு இணையானதாக ஏற்கப்பட்டது, சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.