ஒரு பக்கம் வெட்டுப்பட்ட வாஷர்

குழாய் ரிப்பேர் செய்யும் என் சித்தப்பா வாஷர் மாற்றிய மறுநாளே, மாடிவீட்டு அக்காவின் குழாய் மறுபடி சொட்டியது.

"பழசையே மாட்டிட்டீங்களா? இனி இந்தக் கட்டிடத்துல யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க" என்றார் அக்கா.

"நீங்க இறுக்கித் திருகினீங்களா?" சித்தப்பாவுக்கும் சந்தேகம்.

"சொட்டினா திருகாம கொஞ்சவா முடியும்?"

சித்தப்பா தண்ணீரை அடைத்துக் குழாயைக் கழற்றினார். புது வாஷரில் ஒரு பக்கம் மட்டும் வெட்டு.

"உள்ள சுண்டுவிரலை விட்டுப் பாருங்க" என்றார் அக்காவிடம்.

வாஷர் அமரும் பித்தளை விளிம்பு ஒரு பக்கம் அரித்துப் பள்ளமாகி, வாஷரை வெட்டியிருந்தது. எந்த வாஷர் போட்டாலும் அந்தப் பள்ளம் வழியே தண்ணீர் கசியும்.

"அன்னைக்கே தடவிப் பார்த்திருக்கணும்" என்றபடி விளிம்பைச் சீவிச் சமமாக்கி, வேறு வாஷர் போட்டார்.

அக்கா நம்பாமல் கீழே காய்ந்த தட்டை வைத்தார். மறுநாளும் அது காய்ந்தே இருந்தது. எதிர்வீட்டுக் குழாய்க்கும் அக்கா சித்தப்பாவையே கூப்பிட்டார்; ஆனால் அவர் குழாயைக் கழற்றியதும், அவருக்கு முன்பே தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.