படத்தில் பார்த்த சங்கரா

எங்கள் சொந்தத்தில் மனை வாங்க, பெண் பார்க்க, வண்டி எடுக்க யாரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை. நான் பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. விசேஷ வீடுகளில் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நிற்பேன். பெரம்பலூரில் ஒரு மெஸ்ஸில் பல வருடமாக மீன் கழுவி, அறுத்து, குழம்பு வைக்கிறேன். அதனால் மீன் விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும்.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மீன் படங்கள் வரத் தொடங்கிவிடும். தட்டில் கிடக்கும் மீன், தராசில் கிடக்கும் மீன், யாரோ ஒருவர் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டும் மீன். கீழே ஒரே கேள்விதான் இருக்கும்: "ஃப்ரெஷ்ஷா?" நான் பார்த்துப் பதில் சொல்வேன். எழுதுவது எனக்கு மெதுவாகத்தான் வரும், அதனால் பேசி அனுப்பிவிடுவேன். நேரில் பேச வராதவன் போனில் நன்றாகப் பேசுவேன். எதிரில் முகம் இல்லை அல்லவா.

நான் பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நல்ல மீனுக்குக் கண் கண்ணாடி மாதிரி தெளிவாக, கொஞ்சம் புடைத்துக்கொண்டு இருக்கும். நாள்பட்டதற்குக் கண் குழி விழுந்து, பால் ஊற்றிய மாதிரி மங்கிப்போகும். செவுளைத் தூக்கினால் உள்ளே ரத்தச் சிவப்பாக ஈரத்தோடு இருக்க வேண்டும். பழுப்பாகவோ சாம்பலாகவோ போய்க் கொழகொழவென்று இருந்தால் வேண்டாம். விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே வாசனை. நல்ல கடல் மீனில் உப்புத் தண்ணீர் வாடைதான் லேசாக அடிக்கும். கெடத் தொடங்கியதென்றால் புளிப்பாக, மூத்திர நெடி மாதிரி மூக்கில் ஏறும். மெஸ்ஸில் நான் முதலில் மூக்கைத்தான் வைப்பேன். படத்தில் மூக்கை வைக்க முடியாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க ஆள் இருந்தது.

அரியலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புது மருமகனும் மகளும் வந்திருந்தார்கள். சாப்பிட என்னையும் கூப்பிட்டிருந்தாள். காலையில் பஸ் ஏறினேன். முன்னால் சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போனதால் வண்டி ஊர்ந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அக்காவிடமிருந்து படம் வந்தது. சங்கரா மீன் ஒன்று, செவுளைத் தூக்கிக் காட்டி எடுத்தது. "மாப்ளைக்கு வாங்குறேன். பாத்துச் சொல்லு" என்று பேசியிருந்தாள்.

போனில் வெயில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். கண் வெளுத்திருந்தது. செவுள் கறுப்பாகத் தெரிந்தது. சங்கராவுக்கு உடம்பில் இருக்க வேண்டிய இளஞ்சிவப்பும் இல்லை, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. இன்னொரு படம் கேட்டிருக்கலாம். மோந்து பார்த்தாயா என்று கேட்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் போனையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் விவரமானவனாகத் தெரிய வேண்டும் என்று அந்த நேரத்தில் ஓர் ஆசை.

"அக்கா, எடுக்காத. கண்ணு வெளுத்துப் போச்சு, செவுளும் கறுத்திருச்சு. முந்தாநாள் சரக்கு. ஐஸ்ல போட்டு ஏமாத்துறாங்க."

அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். பக்கத்தில் இருந்தவர், "பாத்தாலே தெரியுமா சார்?" என்றார். "தெரியும்" என்றேன்.

ஊருக்குள் நுழையும்போது அக்கா கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம்.

"வூட்டுக்குப் போகாத. நேரா மார்க்கெட்டுக்கு வா. இந்தம்மா சண்டைக்கு வருது."

மார்க்கெட்டில் மீன் தட்டுகளுக்கு மேலே வரிசையாக நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அக்கா கூடையோடு நின்றாள். எதிரே, தட்டுக்குப் பின்னால், என் வயதுக்காரி ஒருத்தி பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டுகளில்தான் மீன் நிறைய இருந்தது. பக்கத்துக் கடைகளில் ஆள் நின்றது, அவள் முன்னால் இல்லை.

"நீ பேசுனத நான் காதுல வச்சுத்தான் கேட்டேன்" என்றாள் அக்கா. "இந்தம்மா, 'என்ன சொல்றாரு உங்க தம்பி'ன்னு கேட்டுச்சு. ஸ்பீக்கர்ல போட்டேன். நீ சொன்னதத்தானே போட்டேன்."

மீன்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவருதானா அது? குரல் கணீர்னு இருந்துச்சு. ஆள் வேற மாதிரி இருப்பாருன்னு நெனச்சேன்."

பக்கத்துக் கடையில் தராசு பிடித்திருந்தவர் சிரித்தார். "வழி வுடுங்கப்பா, கண்ணு டாக்டரு வந்துட்டாரு."

"சிரிக்காதண்ணே" என்றாள் அவள். "தட்டுல எடுத்து வச்சிருந்த மீனக்கூடத் திருப்பிப் போட்டுட்டுப் போனாங்க. ஐஸ்ல போட்டு ஏமாத்துறேனாம். வெடியறதுக்கு முன்னாடி பொட்டி எறங்குச்சு. ஞாயித்துக்கெழம ஓடலன்னா நாளைக்கு யாரு வாங்குவா? நாளைக்கு நெசமாவே பழைய சரக்காயிரும். அப்ப வந்து சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

அவள் அந்தச் சங்கராவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"பஸ்ஸுல இருந்து பாத்தீங்கள்ல? இப்பக் கையில வச்சுப் பாருங்கண்ணே."

மீனை வாங்கினேன். கையில் பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு விறைப்பாக இருந்தது. அழுத்திய விரலைச் சதை திருப்பித் தள்ளியது. ஆனாலும் அந்தக் கண் வெளுத்துத்தான் இருந்தது. மீனைப் புரட்டினேன். அடியில் இருந்த கண் தெளிந்து, நடுவில் கருமணி பளிச்சென்று இருந்தது. நொறுக்கிய ஐஸைத் தட்டில் மேலாகக் கொட்டியிருந்தாள். ஐஸ் பட்டிருந்த பக்கத்துக் கண் மட்டும் வெளுத்திருக்கிறது. மெஸ்ஸுக்கு வரும் பெட்டியில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

செவுளைத் தூக்கினேன். தார்ப்பாய்க்கு அடியில் இன்னும் கறுப்பாகத்தான் தெரிந்தது. இரண்டடி தள்ளி வெயிலுக்கு வந்தேன். சிவப்பு. உடம்பின் இளஞ்சிவப்பும் வெயிலில் திரும்ப வந்தது. நீல வெளிச்சத்தில் சிவப்பு எப்படிச் சிவப்பாகத் தெரியும்? என் வெள்ளைச் சட்டையும் அங்கே நீலமாகத்தான் இருந்தது.

மோந்து பார்த்தேன். உப்பு வாடை மட்டும்தான்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடா?"

"நல்ல மீனுதான்க்கா."

"என்ன சொல்ற? சத்தமா சொல்லு."

"நல்ல மீனு" என்றேன்.

"அப்பப் பழசுன்ன?"

"படத்துல அப்படித் தெரிஞ்சுச்சு."

முந்தாநாள் சரக்கு என்று சொன்னேனே, அது எந்தப் படத்தில் தெரிந்தது? கண் வெளுத்ததைப் பார்த்தேன், சரி. நாள் கணக்கு நானாகச் சேர்த்தது. ஏமாற்றுகிறார்கள் என்றதும் நானாகச் சேர்த்தது. அதை அக்காவிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

மீன்காரம்மா என்னை விடவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்னண்ணே பண்றது? எனக்குத் தெரியாதா எம் மீனு? அந்தா நிக்கிறாங்க பாருங்க, பச்சப் பொடவ. அவங்கதான் மொதல்ல திருப்பிப் போட்டவங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க."

பச்சைப் புடவைக்காரர் காய்கறிக்கடை முன்னால் நின்றார். நான் போனேன். அவ்வளவு தூரம் இல்லை, ஆனால் எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. கையில் இன்னும் அந்த மீனைப் பிடித்திருந்தேன் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

"மீனு நல்லாருக்குங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "வேணாம்ப்பா." விற்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்.

"இல்லைங்க. போன்ல பேசுனது நான்தான். நான் சொன்னது தப்புங்க. மீனு இன்னிக்கு வந்ததுதான்."

"என்ன சொல்றீங்க? காதுல வுழல."

திரும்பச் சொன்னேன். இந்த முறை கத்திவிட்டேன் போலிருக்கிறது. காய்கறிக்காரர் தராசை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அந்த அம்மா தன் பையைத் திறந்து காட்டினார். உள்ளே கோழிக்கறி கட்டியிருந்தது. "அப்பவே வாங்கிட்டேனே. போங்க, பரவால்ல." பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "அவசரப்பட்டுச் சொல்லிட்டீங்க" என்றார்.

திரும்பி வந்து மீனைத் தட்டில் வைத்தேன். தராசுக்காரர் என்னைப் பார்க்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவர் மறுபடி ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சொல்லியாச்சா?" என்றாள் மீன்காரம்மா.

"கறி வாங்கிட்டாங்களாம்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது, அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. "நேர்ல ஒரு வார்த்த வாயத் தொறந்து பேச மாட்டேங்கிறீங்க. போனுல மட்டும் அம்புட்டுச் சத்தம்."

அக்கா அந்தச் சங்கராவையே எடுக்கச் சொன்னாள். நான் இன்னும் இரண்டு மீன் சேர்த்துப் போடச் சொன்னேன். மெஸ்ஸுக்கு வேண்டும் என்று பொய் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மெஸ்ஸுக்கு ஞாயித்துக்கெழம லீவு இல்லையா?"

"லீவுதான்."

"அப்ப வேணாம். வூட்டுக்கு எம்புட்டு வேணுமோ அத எடுத்துட்டுப் போங்க. எனக்குப் பாவம் பாத்து வாங்க வேணாம்."

செதில் தேய்த்து, செவுளை அறுத்து எறிந்து, துண்டு போட்டுக் கொடுத்தாள். அவள் கை வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அறுக்கும்போது சதை பிளக்காமல் வழுவழுவென்று வந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் அக்கா, "மாப்ள முன்னாடி இதப் பேசாத" என்றாள். ஆனால் சாப்பிடும்போது அவளே சொல்லிவிட்டாள், சிரிப்பாக. மருமகன் இலையைப் பார்த்துக்கொண்டு, "மாமா, மீன் அருமை" என்றார். சிரிக்காமல் இருந்த அந்தப் பிள்ளையின் மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. மீன் நன்றாக இருந்தது. முள்ளிலிருந்து கெட்டியாகப் பிரிந்தது. ஒரு துண்டுக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்கு நேர் வழி மார்க்கெட் வழியாகத்தான் போகிறது. அவள் தட்டு காலியாகியிருக்குமா, இல்லை மீதியை ஐஸ் போட்டு மூடியிருப்பாளா என்று போனால் தெரிந்துவிடும். காலியாக இருந்தால் மனசு ஆறும். அதற்காகவே போகலாம் என்று தெருமுனை வரை வந்தேன். நீலத் தார்ப்பாய் தெரிந்தது. அதற்கு அடியில் யாரோ குனிந்து நின்றார்கள். அவளா, வாங்க வந்தவர்களா என்று அங்கிருந்து தெரியவில்லை.

கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பின்தெரு வழியாகச் சுற்றிப் போய்ப் பஸ் ஏறினேன்.