கால்குலேட்டர் அக்கா

மாணவர் சேர்க்கைப் பிரிவின் மூன்றாம் எண் அறையில் ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், கூரையில் ஒரு கேமரா, சுவரில் ஒரு பெரிய படம். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் படத்தின் கீழே கொட்டை எழுத்தில் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று போட்டிருந்தது. அந்தப் பெண் இந்தக் கல்லூரியில் படித்தவள் அல்ல. படத்தை விளம்பரக்காரர் எங்கிருந்தோ வாங்கி வந்தார். ஆக, சுவரில் இருந்த உண்மை அந்த ஆணி ஒன்றுதான்.

அந்தப் படத்துக்குக் கீழே ஏழு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பத்து மூன்று வயது. லிப்ட் பழுது பார்ப்பவரின் மனைவி, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணின் தாய். வேலை: வருகிற குடும்பத்துக்குப் படிப்பை விளக்கி இடம் பிடிக்க வைப்பது. பையில் எப்போதும் ஒரு கால்குலேட்டர் இருப்பதால் சக ஊழியர்கள் வைத்த பெயர் கால்குலேட்டர் அக்கா.

நூறு சதவீதம் இந்தக் கல்லூரியில் கடவுள் மாதிரி. எல்லோரும் கும்பிட வேண்டும். யாரும் எங்கே என்று கேட்கக் கூடாது. அக்கா கேட்டார். கேட்டதோடு நில்லாமல், வருகிறவர்களுக்கும் காட்டினார்.

அன்று ஒரு பஸ் டிரைவர் வந்தார், மனைவியோடும் மகளோடும். மகளுக்குத் தரவு அறிவியல் படிக்க ஆசை. பக்கத்து அறையில் ‘தேன்’ என்று பெயர் எடுத்த ஆலோசகர் அவர்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டார். அவர் சாப்பிடப் போன நேரம், படிவம் நிரப்ப இங்கே அனுப்பியிருந்தார்கள்.

“வேலை உறுதின்னு அந்தத் தம்பி சொன்னாரு மேடம்,” என்றார் டிரைவர். “படிச்சு முடிச்ச அன்னைக்கே ஆர்டர் கையிலயாம்.”

“எழுதிக் கொடுத்தாரா அண்ணே?”

“எழுதச் சொன்னேன். பேனா எழுதலைன்னாரு.”

“அவர் பேனா அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எழுதாது. உங்க போனை எடுங்க. கணக்கு போடலாம்.”

அக்கா சொல்லச் சொல்ல டிரைவர் அழுத்தினார். போன தொகுதியில் சேர்ந்தவர்கள் அறுபது பேர். பாதியில் நின்றவர்களும் பாடம் பாக்கி உள்ளவர்களும் பன்னிரண்டு. மிச்சம் நாற்பத்தெட்டு. அதில் இருபத்தேழு பேர் ‘எனக்குக் கல்லூரி வழியாக வேலை தேவையில்லை’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

“வேலை வேணாம்னு எவனாவது எழுதித் தருவானா?” என்றார் டிரைவரின் மனைவி.

“ஹால்டிக்கெட் வாங்கப் போறப்ப நாலு தாள் நீட்டுவாங்கக்கா. அதுல மூணாவது தாள் இது. யாரும் படிக்கிறதில்ல.”

இப்போது மிச்சம் இருபத்தொன்று. அவர்களில் இருபத்தொரு பேருக்கும் வேலை. நூற்றுக்கு நூறு!

“பொய்யே சொல்லாம பொய் சொல்லியிருக்காங்க,” என்றாள் மகள்.

“அறுபதால வகுத்துப் பாரும்மா.”

“முப்பத்தஞ்சு.”

“அந்த இருபத்தொண்ணுலயும் பன்னெண்டு பேர் போன்ல பாலிசி விக்கிறாங்க. படிச்ச படிப்புக்கு ஏத்த வேலையில இருக்கிறது ஒம்பது பேர்தான்.”

டிரைவர் எழுந்துவிட்டார். “அப்புறம் எதுக்கு மேடம் இங்க சேரணும்?”

“உக்காருங்கண்ணே. அதையும் சொல்றேன். புள்ளியியல் நடத்துற டீச்சர் நிஜமாவே கெட்டிக்காரங்க. லேப் சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும். சொன்ன தேதிக்குள்ள விலகினா கட்டினது திரும்பக் கிடைக்கும். விதி இந்தத் தாள்ல இருக்கு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நாளைக்கு வந்து ஒரு கிளாஸ்ல உக்காந்து பாரும்மா. மூணாம் வருஷப் பசங்ககிட்ட நீயே பேசு. நான் காட்டுற பையன்கிட்ட இல்ல, கேன்டீன்ல நீயா புடிக்கிற பையன்கிட்ட.”

அவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். நான்கு நாள் கழித்து அந்தப் பெண் வந்து, ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டே சேர்ந்தாள். ஆனால் கூரைக் கேமராவுக்குக் காதும் உண்டு. அது கேட்டதெல்லாம் தாளாளரின் மேசைக்கு மூன்றாம் நாளே போய்ச் சேர்ந்துவிட்டது.

“ஏம்மா, சோத்துல உப்பு போட்டுத்தான சாப்பிடுறீங்க?” என்றார் தாளாளர். “இடம் நிரப்பத்தான் சம்பளம். இடத்தைக் காலி பண்ண இல்ல.”

“சார், போன வருஷம் என்கிட்ட சேர்ந்தவங்க முப்பத்தொரு பேர். முதல் நாள் வகுப்புக்கு முப்பது பேர் வந்தாங்க. தேன்கிட்ட சேர்ந்தவங்க ஐம்பத்திரண்டு பேர்ல இருபது பேர் பணத்தைத் திரும்ப வாங்கிட்டுப் போய்ட்டாங்க.”

“மறுபடியும் கணக்கா?” அவர் காதைப் பொத்தாத குறை. வேலையை விட்டுத் தூக்கவில்லை. சேர்க்கைக் காலத்தில் ஆள் கிடைக்காது. அதைவிடச் சிறந்த தண்டனை அவருக்குத் தோன்றியது. “இறுதியாண்டு பிரிவுக்குப் போங்க. ஹால்டிக்கெட் கவுன்டர். அங்க வாயைத் திறக்கிற வேலையே இல்ல. கையெழுத்து மட்டும் வாங்கினா போதும்.”

வீட்டில் கணவருக்குக் கவலை. ஊழியர் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியில் பாதிக் கட்டணம். வேலை போனால் மகளின் படிப்புக்கு என்ன வழி? “கொஞ்சம் வாயைக் கட்டிக்கயேன். அடுத்த வருஷம் வரைக்கும்தான,” என்றார்.

“அப்பா, பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் அங்க சேர மாட்டேன்,” என்றாள் மகள். “அம்மாதான் மொத்தக் கணக்கையும் சொல்லிட்டாங்களே.”

“நல்லா வளத்திருக்க,” என்று தலையில் அடித்துக்கொண்டார் கணவர்.

ஹால்டிக்கெட் கவுன்டரில் அக்கா வாயைக் கட்டிக்கொண்டார்; சொந்தமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்றாவது தாளை மட்டும் ஒவ்வொரு மாணவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். “எனக்குக் கல்லூரி வழியாக வேலை தேவையில்லை என்று என் சொந்த விருப்பத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.” படித்துவிட்டுப் பேனாவை நீட்டுவார்.

“என்னது, வேணாமா?” என்றான் முதல் பையன். “எங்கம்மா செருப்பால அடிப்பாங்க.”

“அப்ப கையெழுத்துப் போடாத. இது இல்லாமலும் ஹால்டிக்கெட் உண்டு.”

செய்தி வரிசை நெடுகப் பரவியது. ஐம்பத்தெட்டுப் பேரில் நான்கு பேர் மட்டுமே கையெழுத்துப் போட்டார்கள்: இரண்டு பேர் மேற்படிப்புக்கு, இரண்டு பேர் அப்பா கடைக்கு. மிச்சம் ஐம்பத்து நாலு பேரும் நேர்முகத் தேர்வுகளுக்குக் கூட்டமாகப் போய் நின்றார்கள். இருபத்தாறு பேருக்கு வேலை கிடைத்தது. போன வருடத்தைவிட ஐந்து பேர் அதிகம். சதவீதம்தான் நூறிலிருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது.

வேலை கூடினால் சதவீதம் குறையும் அதிசயத்தைக் கண்டு தாளாளர் கொதித்தார். அக்காவை நிற்க வைத்துக்கொண்டே பணிநீக்கக் கடிதத்தை எழுத்தரிடம் சொல்லத் தொடங்கினார்.

“தாங்கள்… மாணவர்களுக்கு… படிவத்தைப் படித்துக் காட்டிய…”

எழுத்தரின் விரல் நின்றது. “சார், படிச்சுக் காட்டினது குற்றம்னா போடுறது?”

“இல்ல, இல்ல. அதை அழிங்க. கல்லூரியின் நலனுக்கு எதிராக… அதிக மாணவர்களை வேலைக்கு…”

“அனுப்பின குற்றத்துக்காக,” என்று முடித்தார் எழுத்தர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். “இதை எடுத்துட்டு இவங்க கோர்ட்டுக்குப் போனா, நாமதான் சார் படிச்சுக் காட்டணும்.”

தாளாளர் தாளை வாங்கி நான்காகக் கிழித்தார். பொய்யை ஊருக்கே கொட்டை எழுத்தில் எழுதிய மனிதருக்கு, உண்மையை ஒருவர் பெயருக்கு நாலு வரி எழுதத் துணிவில்லை.

“பழைய அறைக்கே போங்க,” என்றார். “ஆனா ஒண்ணு. அந்தக் கால்குலேட்டரை இங்க வச்சுட்டுப் போங்க.”

அக்கா அதைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

“பரவாயில்ல சார். வர்றவங்க போன்லயே இருக்கு.”