பதினொன்றுக்குப் பதினேழு

அச்சகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. புள்ளியக்கா என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருடமாகக் கணினியில் பக்கம் அமைக்கிறவள். மேல்வரி எழுத்தின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடித்துவிட்டால், சோற்றில் கல் கடித்த மாதிரி முகம் சுளிப்பாள்.

சிறுநீரக நோயாளிகளுக்கான கையேட்டை நாற்பத்தெட்டுப் பக்கத்தில் முடித்திருந்தாள். எழுத்து பதினொரு புள்ளி அளவு, வரிக்கு வரி இடைவெளி பதினேழு. தலைப்பு பதினெட்டு, உள்தலைப்பு பதிமூன்று. உள்தலைப்புக்கு மேலே தாராளமான இடம், கீழே கொஞ்சம். அப்போதுதான் அது தன் பத்தியோடு ஒட்டி நிற்கும்.

முதலாளியின் மைத்துனர்தான் மேலாளர். அதே கையேட்டின் ஆங்கிலப் பதிப்பை அவள் மேசையில் போட்டார்.

"இது முப்பத்திரண்டு பக்கம். தமிழும் அதே கணக்குலதான் வரணும். எழுத்து பத்து, வரி பன்னெண்டு, தலைப்பு இருபத்தாறு."

"சார், தமிழ்ல மேலயும் ஏறும், கீழயும் இறங்கும். பன்னெண்டு வெச்சா இடிக்கும், கண்ணு வரி மாறிடும். தலைப்பு இருபத்தாறுல மூணு வரியா உடையும்."

"சொன்னதைச் செய்ம்மா. எனக்கே பாடமா?"

வேலை போய்விடுமே என்று செய்தாள். தான் முதலில் அமைத்த நாற்பத்தெட்டுப் பக்கக் கோப்பை மட்டும் கணினியில் தனியே எடுத்து வைத்தாள்.

ஐயாயிரம் பிரதி அச்சாகி, அத்தனையும் திரும்பி வந்தது. வயதான நோயாளிகளால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லையாம். முதலாளி எல்லாரையும் கூட்டினார். மைத்துனர் முந்திக்கொண்டார்.

"பக்கம் அமைச்சது இவங்கதான். எங்க, பன்னெண்டாம் பக்கத்தைச் சத்தமா வாசிங்க பார்ப்போம்."

வாசித்தாள். மூன்றாவது வரி முடிந்து அடுத்ததற்குத் திரும்பும்போது கண் ஐந்தாவதில் போய் விழுந்தது. உப்பைப் பற்றிய வாக்கியம் தண்ணீரில் போய் முடிந்தது. மறுபடி தொடங்கினாள், மறுபடி தவறினாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பாத்தீங்களா மச்சான்? தான் அமைச்சதையே வாசிக்கத் தெரியல. கண்ணு போச்சு."

அவள் முன்பே எச்சரித்த குறைதான் எல்லார் முன்னாலும் நிரூபணமாகிக்கொண்டிருந்தது. அதை வைத்தே அவள் கழுத்தை அறுத்தார் அந்த மனிதர். பதினெட்டு வருடம் அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்ட பிழைதிருத்துபவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். அன்று சாயங்காலமே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

நான்காம் நாள் மைத்துனர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்த நாப்பத்தெட்டுப் பக்கம் எங்கம்மா இருக்கு? நாளைக்கு அச்சுக்குப் போகணும்."

திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்துவிட்டாள், பாவி. கணினியில் எந்த இடத்தில், என்ன பெயரில் என்று ஒன்று விடாமல் சொன்னாள். உள்தலைப்பு இடைவெளியை மாற்றிவிட வேண்டாம் என்றும் சொன்னாள்.

"நான் நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் சார்?"

"நீ எதுக்கு? கோப்பு கிடைச்சிடுச்சு" என்று வைத்துவிட்டார்.