கழுத்தில் மூன்று எழுத்து

என் அண்ணன் ஒரு எழுத்து, என் வீட்டுக்காரர் ஒரு எழுத்து, வளவனூர்க்காரர் ஒரு எழுத்து. விழுப்புரத்தில் எங்கள் சோடா கம்பெனிக்குப் பேர் வந்தது அப்படித்தான். அண்ணனுக்கு ஜி, வளவனூராருக்கு எல், என்னவருக்கு ஆர். தொழில் தெரிந்தவர் வளவனூரார் ஒருவர்தான். பாண்டிச்சேரியில் ஒரு சோடாக் கடையில் கேஸ் பிடித்துப் பழகியவர். மற்ற இரண்டு பேருக்கும் சோடாவைக் குடிக்கத்தான் தெரியும்.

பேர் வைத்த அன்று வீட்டில் நடந்த கூத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் எழுத்து முதலில் என்று மூன்று பேரும் காலையிலிருந்து அடித்துக்கொண்டார்கள். கோலி சோடா பாட்டிலின் கழுத்தில் கண்ணாடியோடு கண்ணாடியாகப் பேரை அச்சில் வார்த்துத்தான் அனுப்புவார்கள். இடம் கொஞ்சம், அதனால் இங்கிலீஷில் இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் வேண்டாம் என்று பாட்டில் ஏஜெண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார். வார்த்த பிறகு அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

கடைசியில் நான்தான் கத்தினேன். "எது முன்னாடின்னு சண்டை போட்டுக்கினே இருக்கீங்களே, கூப்பிட வாகா இருக்குதான்னு பாத்தீங்களா?"

வளவனூரார் சிரித்துக்கொண்டே எழுந்து தெருமுனைக்குப் போனார். அங்கே நின்று எழுத்துகளை மாற்றி மாற்றி உரக்கக் கூவினார். எல்லில் ஆரம்பித்தால் காதில் ஏறவே இல்லை. "ஜி.எல்.ஆர். சோடா!" என்றபோது எதிர்வீட்டுக்காரரே எட்டிப் பார்த்தார். தன் எழுத்து நடுவில் போய் மாட்டிக்கொண்டதைப் பற்றி அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பேர் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள்கூட ஜி.எல்.ஆர். என்று கேட்டு வாங்கினார்கள். பாட்டிலைத் தொலைக்கிற பயமும் குறைந்தது. எங்கள் பக்கத்துச் சோடாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் பாட்டில் யார் கடையில் போய்ச் சேர்ந்தாலும், வெள்ளிக்கிழமை கழுத்து எழுத்தைப் பார்த்துப் பிரித்துச் சாக்கில் கட்டி உரியவருக்கு அனுப்பிவிடுவார்கள். சோடாக்காரனுக்குப் பாட்டில்தான் சொத்து.

நாலு வருஷம் போயிருக்கும். திண்டிவனத்திலும் ஒரு மெஷின் போடலாம் என்றார் வளவனூரார். அண்ணன் முடியாது என்றார். பேச்சு தடித்தது. "உனக்கு இஷ்டம்னா நீ போய் ஆரம்பிச்சிக்க, யாரு தடுக்கறா?" என்று அண்ணன் சொல்லிவிட்டார். மறுவாரமே வளவனூரார் பெட்டியைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. திண்டிவனம் பக்கம் போகும் எங்கள் பாட்டில் எதுவும் திரும்பி வரவில்லை. ஒரு வெள்ளி போயிற்று, அடுத்த வெள்ளியும் போயிற்று. பாட்டில் இருப்பு குறைந்துகொண்டே வந்தது. மாசி பிறந்துவிட்டது, இனி வெயில் ஏறும், திருவிழா வரும், கேட்கிற கடைக்குப் போட பாட்டில் இருக்காது. என்னவர் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். குழந்தைகள் சத்தம் போட்டால்கூட எரிந்து விழுந்தார்.

அண்ணனுக்கு வேறு பயம். "நம்ம பாட்டில்ல அவன் சோடாவ ஊத்தி விக்கிறானாம். நாளைக்கு ஒருத்தன் குடிச்சிட்டு வவுறு நோவுதுன்னா யாரு பேரு கெடும்? நம்ம பேருதானே!"

"அவர் போடற சோடாவக் குடிச்சாவா வவுறு நோவும்? நீங்க ரெண்டு பேரும் போடறதக் குடிச்சாதான் நோவும்" என்றேன். என்னை முறைத்தார்.

எனக்குத் தெரியாமலேயே புதுப் பாட்டிலுக்கு ஆர்டர் போயிருந்தது. வந்து இறங்கிய சாக்கைப் பிரித்து ஒன்றை எடுத்தேன். ஜி.ஆர். நடுவிலே எல் இல்லை. போனவர் போனார், எழுத்தையும் பிடுங்கிவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது.

அந்தப் பேர் ஓடவும் இல்லை. மூன்று எழுத்து சொன்னால் கம்பெனி என்று தெரிகிறது. இரண்டு எழுத்து சொன்னால் யாரோ ஒரு ஆள் என்றுதான் நினைக்கிறார்கள். "எந்த ஜி.ஆரு? மளிகைக்கடைக்காரரா, வாத்தியாரா?" என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். பழகின பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் புதுப் பாட்டிலை மாற்றிக்கொள்ள மாட்டோம் என்றார்கள். மற்ற சோடாக்காரர்களுக்கும் அது யாருடையது என்று தெரியாததால், அந்தப் பாட்டிலும் திரும்பி வரவில்லை. இருந்த பேரும் போய், வந்த பேரும் நிற்காமல், கடையை மூட வேண்டியதுதானோ என்று நான் நடுங்கிப்போனேன்.

அந்த நேரத்தில் திண்டிவனத்தில் நாத்தனார் குழந்தைக்குக் காது குத்து. ரயிலேறிப் போனேன். விசேஷம் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் வளவனூரார் கடையைத் தேடிக்கொண்டு நடந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

"வா தங்கச்சி, வா. வெயில்ல வந்துக்கினு இருக்கியே" என்று முக்காலியை இழுத்துப் போட்டார். வாசலில் வைக்கோல் மூட்டைகள் பிரித்துக் கிடந்தன. புதுப் பாட்டில்கள். குனிந்து கழுத்தைப் பார்த்தேன்.

ஜி.எல்.ஆர்.

சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் மறந்துபோயிற்று. "ஏன் எங்க பாட்டில திருப்பி அனுப்பல?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் விழித்தார். "எங்க பாட்டில்னா? நம்ம பாட்டில் இல்லியா? உங்கண்ணன்தானே ஆரம்பிச்சிக்கன்னு சொன்னாரு. அது விழுப்புரம் கடை, இது திண்டிவனம் கடை, கம்பெனி ஒண்ணுதானே. நம்ம வூட்டு சாமான நாமளே சாக்குல கட்டி அனுப்பிக்குவோமா?"

அண்ணன் கோபத்தில் வீசிய வார்த்தையை இந்த மனுஷர் அனுமதி என்று எடுத்துக்கொண்டு இத்தனை நாள் கடை நடத்தியிருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"தனியா எல்லுனு போடலாம்னு இங்க ஒருத்தன் சொன்னான். ஒத்த எழுத்த வெச்சிக்கினு என்னா பண்றது? அவுங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருந்தாதானே அது பேரு" என்றார். ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார். பழைய ருசி, சுர்ரென்று ஏறியது.

கிளம்பும்போது ஒரு புதுப் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். "அங்கயும் புது பாட்டில் வந்துக்குதாமே? எழுத்து சுத்தமா வந்துருக்குதா? ஒண்ணு குடுத்தனுப்பு தங்கச்சி. ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாக்கணும்."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து அவர் கொடுத்த புதுப் பாட்டிலை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். என்னவர் பாட்டிலைத் தொடவே இல்லை. அண்ணன் எடுத்து நடு எழுத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நம்ம பாட்டில் ஒண்ணு கேட்டிருக்காரு. எத அனுப்பட்டும்?" என்றேன்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போனார்கள்.

எல் இல்லாத பாட்டிலை அனுப்ப மனசு வராமல், வெள்ளிக்கிழமை நானே பழைய பாட்டில் ஒன்றைத் தேடி எடுத்துப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் காகிதத்தில் சுற்றி, தெரிந்த பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். நாலு வருஷம் கடைகடையாக உரசித் தேய்ந்த கழுத்து. எவ்வளவு தேய்த்தாலும் அதைப் புதுசு என்று சொல்ல முடியாது. புதுசை மறைக்கிறோம் என்று தொழிலில் ஊறிய மனுஷருக்குத் தெரியாமலா போகும்?

மறுநாள் அதே கண்டக்டர் ஒரு சாக்கைக் கொண்டுவந்து இறக்கினார். திண்டிவனத்தில் தங்கியிருந்த எங்கள் பாட்டில்கள், அடுத்த கம்பெனிக்காரருக்கு அனுப்புகிற மாதிரி கட்டி. எல்லாவற்றுக்கும் மேலே நான் அனுப்பிய அந்தப் பழைய பாட்டில் இருந்தது, சோடா நிரப்பி.

அண்ணன் அதை உடைத்து ஒரு வாய் குடித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திண்டிவனம் ரயிலுக்குக் கிளம்பினார்.