பதினோரு நிமிடச் சராசரி

ஐம்பத்தொரு வயதில், பெயிண்ட் வாசனை வீசும் ஒரு அறையில், ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளைப் பலகையில் ln x-ஐத் தொகையிட்டுக் காட்டி, அதன் பக்கத்தில் நின்று நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். கட்டை விரலையும் உயர்த்தியிருக்கிறேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை. எப்போதாவது என்னைப் பற்றி உயர்வாகத் தோன்றினால் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன், உடனே சரியாகிவிடும்.

ஒரகடம் பக்கம் வண்டி உதிரி பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். பெயிண்ட் கலக்கும் தொட்டிகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு ஆழம். மேலே ஒரு ஆள் நுழையும் வட்டத் துளை. ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஒரு ஆள் உள்ளே இறங்கி அடியில் உறைந்ததைச் சுரண்ட வேண்டும். மறுநாள் அந்தத் தொட்டிகளுக்குத்தான் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம். அழுக்குத் தொட்டிக்கு மாலை போடுவது எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜருக்குப் பிடிக்காது.

இறங்குபவர் வல்லக்கோட்டைப் பக்கத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள், என் வயதுதான். மேலே நின்று கயிறு பிடிப்பவர் அவருடைய மச்சான். தொட்டியைத் திறந்ததும் உள்ளே, பெயிண்டைக் கரைக்கும் தின்னரின் ஆவி இருக்கும். ஃபேன் வைத்து அதை வெளியேற்றி, மீட்டரில் எல்லை அளவான ஐம்பதுக்குக் கீழே வந்த பிறகுதான் ஆள் இறங்கலாம். அந்த ஆண்டு மீட்டர் சரிபார்ப்புக்குப் போயிருந்தது. திரும்பி வரவில்லை.

"மீட்டர் இல்லாம ஆள எறக்கக் கூடாது சார்," என்றார் சேஃப்டி ஆபீசர். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். முப்பதுக்குள்தான் இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

"நாளிக்கு பூஜைம்மா. பன்னெண்டு டேங்கு. இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்றார் மேனேஜர்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மீட்டர் எதுக்கு? கணக்கு போட்டே சொல்லிடலாமே," என்றேன்.

உண்மையில் கணக்கு அழகானதுதான். எங்கள் ஃபேன் ஐந்து நிமிடத்தில் ஒரு தொட்டி அளவு காற்றை உள்ளே தள்ளும். ஆவி குறையும் வேகம், அப்போது மிச்சமிருக்கும் ஆவியின் அளவைப் பொறுத்தது. நிறைய இருந்தால் வேகமாகக் குறையும், கொஞ்சம் இருந்தால் மெதுவாக. அளவை ஒரு பக்கமும் நேரத்தை மறுபக்கமும் கொண்டுபோனால் ஒரு பக்கம் 1/x வந்து நிற்கும். அதைத் தொகையிட்டால் ln x. ஆக, ஆவி எல்லையைப் போல் x மடங்கு இருந்தால், ஃபேன் ஓட வேண்டிய நேரம் 5 ln x நிமிடம். பராமரிப்பு அறைப் பலகையில் எழுதினேன். மச்சான்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே தலையாட்டினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"x எவ்ளோனு எப்பிடி சார் தெரியும்?" என்று கேட்டார் ஆபீசர்.

போன ஆண்டு ரெஜிஸ்டரைப் பிரித்தேன். முதல் தொட்டியைத் திறந்தபோது ஐம்பது, பன்னிரண்டாவதைத் திறந்தபோது ஆயிரம். நடுவில் படிப்படியாக, ஏறக்குறைய சமமான ஏற்றம். அதாவது x ஒன்றிலிருந்து இருபதுவரை. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நேரம் எழுதலாம் என்று ஆரம்பித்தேன்.

"சார், பன்னெண்டு நம்பர்லாம் வேணாம். நம்ம லைன்ல எல்லாத்துக்கும் ஒரே சைக்கிள் டைம்தான். ஒரு நம்பர் சொல்லுங்க, டைமர்ல செட் பண்ணிடறேன். மணி அடிச்சா ஆளு எறங்கட்டும்," என்றார் மேனேஜர்.

ஒரு நம்பர் என்றால் சராசரி. எங்கள் தொழிற்சாலையில் சராசரி இல்லாமல் காபிகூட வராது. ln x-இன் சராசரி வேண்டுமென்றால் அதை ஒன்றிலிருந்து இருபதுவரை தொகையிட வேண்டும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லூரிக்குப் பிறகு முதல்முறையாக ஒரு மனிதன் என்னிடம் ln x-ஐத் தொகையிடச் சொல்கிறான், அதுவும் சம்பளம் கொடுக்கும் இடத்தில்.

பகுதிகளாகப் பிரித்துத் தொகையிட வேண்டும். ஆனால் அங்கே ln x தனியாக நிற்கிறதே, எதைப் பிரிப்பது? பக்கத்தில் ஒரு 1 இருப்பதாக நினைத்துக்கொள்வதுதான் தந்திரம். அந்த ஒன்றைத் தொகையிட்டால் x; ln x-ஐ வகையிட்டால் 1/x. முதலில் x ln x எழுதி, அதிலிருந்து x-ஐயும் 1/x-ஐயும் பெருக்கி வருவதன் தொகையீட்டைக் கழிக்க வேண்டும். x-உம் 1/x-உம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும். மிஞ்சுவது வெறும் 1. அதன் தொகையீடு x. விடை: x ln x − x. இருபதைப் போட்டு, ஒன்றைப் போட்டுக் கழித்தால் 40.9. பத்தொன்பதால் வகுத்தால் 2.15. ஐந்தால் பெருக்கினால் பத்தே முக்கால் நிமிடம்.

"பதினொண்ணுனு வெச்சுக்கங்க. பாதுகாப்புக்கு," என்றேன். அந்தக் கால் நிமிடத் தாராளத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. போட்டோ எடுத்தது அப்போதுதான்.

ஆபீசர் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் எறங்கும்போது உள்ள மிச்சம் இருக்கிற ஆவி?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் சுரண்டும்போதும் பக்கத்துக் குழாய் வழியாக ஃபேன் ஓடும். எல்லை அளவில் இறங்கினால் அதன் பிறகு ஆவி e-இன் அடுக்கில் தேயும். அவர் சுவாசிக்கும் மொத்தத்தைத் தெரிந்துகொள்ள அந்த அடுக்கைத் தொகையிட வேண்டும். எல்லை அளவின் ஐந்து மடங்கு, அதை, ஒன்றிலிருந்து e-இன் அடுக்கைக் கழித்து வரும் எண்ணால் பெருக்க வேண்டும். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாலும் அந்த ஐந்து மடங்கைத் தாண்டாது. "நாள் முழுக்க உக்காந்திருந்தாலும் அஞ்சு நிமிஷம் எல்லை அளவை சுவாசிச்ச மாதிரிதான்மா."

"மொத்தம் சரி சார். தலை சுத்துறது மொத்தத்துக்கா, மொத மூச்சுக்கா?"

நான் சிரித்தேன். மேனேஜரும் சிரித்தார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு ஆபீசர் போய்விட்டார். அனுமதிச் சீட்டில் மேனேஜரே கையெழுத்துப் போட்டார்.

காலையில் ஐந்து தொட்டிகள் முடிந்தன. டைமர் மணி அடிக்கும், அவர் இறங்குவார், மச்சான் கயிறு பிடிப்பார். ஐந்தாவதிலிருந்து ஏறியவர் தரையில் உட்கார்ந்து நெற்றியை அழுத்திக்கொண்டார்.

"இன்னாண்ணா, ஒரு மாரி கீது?" என்று மேனேஜர் கேட்டார்.

"தல வலிக்குது சார். காலீல இட்லி துன்னல, அதான்."

"சாப்ட்டு வந்ததும் பன்னெண்டாவதுலேருந்து பின்னாடி வந்துரலாம். கஷ்டமான வேலய மொதல்ல முடிச்சுடலாம்."

இறங்குபவர் சாப்பிடப் போகவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

நான் கேன்டீனில் சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு டோக்கனின் பின்பக்கத்தில் கணக்கை மறுபடி போட்டேன். சரிபார்க்க இல்லை, ரசிக்க. பன்னிரண்டாம் தொட்டியைப் பதினோரு நிமிடத்துக்குப் பிறகு பார்த்தால் எல்லையில் வந்து நிற்கும், அந்த அழகைப் பார்த்துவிட்டுப் பாயசத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு e வீதம், பதினோரு நிமிடத்தில் e-இன் மைனஸ் 2.2. அது 0.11. இருபதால் பெருக்கினால் 2.2.

ஒன்று வர வேண்டிய இடத்தில் இரண்டுக்கும் மேல். எல்லை ஐம்பது; உள்ளே நூற்றுப்பத்து.

தொகையீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தப்பே இல்லை. அதுதான் பயங்கரம். இருபதுக்கு ஐந்து ln இருபது, பதினைந்து நிமிடம் வேண்டும். நான் கொடுத்தது எல்லாருக்குமான சராசரி. அந்தச் சராசரி போதுமானது x ஒன்பதுவரைதான். மிச்சமிருக்கும் ஏழு தொட்டிகளிலும் அவர் நஞ்சுக்குள் இறங்குவார். ஏணியின் நடுவில் தலை சுற்றினால் சராசரியாக விழ மாட்டார், முழுதாக விழுவார்.

போன் செய்ய முடியாது. தின்னர் இருக்கும் பகுதிக்குள் போன் போகக்கூடாது, வாசலிலேயே பெட்டியில் போட்டுவிடுவார்கள். எழுந்து நடந்தேன், பிறகு ஓடினேன். ஐம்பத்தொரு வயதில் பாதுகாப்புக் காலணியோடு ஓடுவது எப்படி இருக்கும் என்று சொல்ல விரும்பவில்லை. பாடி ஷாப்பைத் தாண்டும்போது டைமர் மணி அடித்தது. தெளிவாகக் கேட்டது. லைன் நிறுத்தியிருந்ததால் வேறு சத்தமே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது பன்னிரண்டாம் தொட்டியின் மேல் மச்சான் மட்டும் நின்றிருந்தார். கயிறு துளைக்குள் இறங்கி விறைப்பாக நின்றது. இறங்குபவரைக் காணோம்.

"இழு! மேல இழு!" என்று கத்தினேன்.

"கொஞ்சம் இரு சார், இன்னும் அடிக்கே போவல," என்றார் மச்சான்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து சேஃப்டி ஆபீசர் எட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குக் கீழே நெற்றி வேர்த்திருந்தது. "மீட்டர் சார். ஸ்ரீபெரும்புதூர் கூரியர்ல ரெண்டு நாளா கெடந்திருக்கு. கையெழுத்துப் போடாம வெளிய வந்ததும் போன் போட்டுக் கேட்டேன். ஸ்கூட்டிய எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்துட்டேன்."

அவருக்குப் பின்னால், கையில் காலி டீ கப்போடு, இறங்க வேண்டியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கயிற்றில் கட்டியிருந்த மீட்டர் மேலே வந்தது. ஆபீசர் அதில் பதிவாகியிருந்ததைப் படித்தார். துளைக்குப் பக்கத்தில் நூற்றுப்பதிமூன்று. என் டோக்கனில் இருந்தது நூற்றுப்பத்து. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"அடியில நானூத்து இருவது," என்றார் அவர்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். அடியில் ஈரமாக இருக்கும் பெயிண்டிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கும். நான் பலகையில் வைத்திருந்த தொட்டியில் காற்று எங்கும் ஒரே சீராகக் கலந்திருந்தது. அந்தத் தொட்டியில் யாரும் இறங்கவில்லை.

மீதித் தொட்டிகளில் மீட்டர் சொன்ன பிறகுதான் ஆள் இறங்கினார். பன்னிரண்டாவதுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஃபேன் ஓடியது. சாயங்காலம் இருட்டுவதற்குள் ஐந்துதான் முடிந்தன. இரண்டு தொட்டிகள் அழுக்கோடே மாலை போட்டுக்கொண்டன. மேனேஜர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

மறுநாள் பூஜையில் யாரோ வெள்ளைப் பலகைக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். x ln x − x-க்கு நடுவே, அந்தக் கழித்தல் குறியின் மேலேயே ஒரு பொட்டு. தலைவலிக்காரர் பொரிப் பொட்டலத்தோடு வந்து என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார்.

"கணக்கெல்லாம் தப்பே இல்லண்ணா. நான் அத வெச்ச எடம்தான் தப்பு," என்றேன். மன்னிப்புக் கேட்பதாக எனக்கு நினைப்பு.

அவர் ஒரு பிடி பொரியை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"அது சரி சார். உள்ள எறங்கறது நீயா இருந்தா, எத்தினி நிமிஷம் போட்டிருப்பே?"