போறதும் போகவும்

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததற்கு, முந்தின வருஷம் நான் காஜா பெராங்கில் ஒரு சின்ன ஆங்கிலப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். டீச்சர் என்றால் முழு டீச்சர் இல்லை. வார நாள்களில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவோம். சனிக்கிழமை டவுனில் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் நாங்களே பெஞ்சில் உட்கார்ந்து திட்டு வாங்குவோம். திங்கட்கிழமை அந்தத் திட்டை அப்படியே பிள்ளைகளிடம் இறக்கி வைப்போம்.

எனக்கு அப்போது தலைக்கனம் அதிகம். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட சேலை, கையில் தடியான ஆங்கிலப் புத்தகம். தெருவில் நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். யாரும் பார்த்ததாக நினைவில்லை.

பக்கத்து வகுப்பில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் என் தோழி. செட்டி கம்பத்துப் பெண்; பல தலைமுறைக்கு முன்னால் வந்து இங்கேயே ஊறிப்போன தமிழர்களின் கிராமம் அது. மலாய்ப் பெண்களைப் போல கெபாயாச் சட்டை போட்டு, சாரோங் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி வருவாள். அவள் பெயர் தமிழ், கும்பிடும் சாமி தமிழ்ச் சாமி, பொங்கலும் உண்டு. பேச்சு மட்டும் மலாய். எங்கள் இருவருக்கும் மலாய்தான் பொதுப் பேச்சு. பள்ளிக்கூட வாசலுக்குள் வந்துவிட்டால் ஆங்கிலம்.

அந்த வருஷம் அவளுக்கு வாழ்வா சாவா என்று இருந்தது. போன வருஷப் பரீட்சையில் ஆங்கிலத் தாளில் தவறியிருந்தாள். இந்த வருஷப் பரீட்சை ஒன்றுதான் மிச்சம், அதிலும் போனால் பயிற்சியிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். பயிற்சி போனால் வேலையும் போகும். அவளுடைய பிள்ளைகள் சாயங்காலம் மணி அடித்த பிறகும் அவளை விட்டுப் போக மாட்டார்கள். ஒரு பொடியன் அவள் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வருவான். அவர்களை வேறொருத்தி கையில் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்வதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அவளைக் கவிழ்த்தது எல்லாம் ஒரே இடம். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் அதை எப்படி எழுதுவது? வான்ட் என்றால் டு கோ. என்ஜாய் என்றால் கோயிங். ரெஃப்யூஸ் என்றால் டு கோ. அவாய்ட் என்றால் கோயிங். எங்கள் விரிவுரையாளர் தெங்கேராவிலிருந்து சைக்கிளில் வருவார். இரண்டு பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, “காரணம் கேட்காதே, மனப்பாடம் செய்” என்பார். “உங்கள் வீட்டு மொழியை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வாருங்கள்” என்பதும் அவர் வாக்குதான். மலாயில் இந்த வம்பே கிடையாது. போக விரும்பினாலும் பெர்கி, போவதை நிறுத்தினாலும் பெர்கி. அதனால் அவளுக்கு இரண்டு பட்டியலும் ஒன்றோடொன்று கலந்து கஞ்சியாகிவிடும். ஐ என்ஜாய் டு கோ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள்.

நான் இதில் தவறுவதே இல்லை. எப்படி என்று யார் கேட்டாலும், “காதுக்குத் தெரியும், நிறையப் படிக்கிறேன் இல்லையா” என்று சொல்லுவேன்.

ஒரு சனிக்கிழமை பயிற்சித் தாள் எழுதிவிட்டு வெளியே வந்தபோது அவள் என்னை மடக்கினாள். “உன் வாய் முணுமுணுக்குது. ஒவ்வொரு கேள்விக்கும் முணுமுணுக்குது. நான் பார்த்தேன்” என்றாள் மலாயில். “மாச்சாம் மானா?” எப்படி, சொல்லு என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாட்டிக்கொண்டேன். நான் தமிழில் சொல்லிப் பார்ப்பேன், அவ்வளவுதான் சூட்சுமம். ‘போக’ என்று வந்தால் டு கோ. ‘போவது’, ‘போவதை’ என்று வந்தால் கோயிங். போக மறுத்தாள், போகச் சம்மதித்தாள். போவதைத் தவிர்த்தாள், போவதை நிறுத்தினாள். செருப்போடு கழற்ற வேண்டியதை நான் முந்தானையில் முடிந்து உள்ளே கொண்டுபோயிருந்தேன்.

அவள் என் கையை விட்டாள். பிறகு, “எனக்குத்தான் தமிழ் வராதே” என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறுநாளே, “அந்த அளவுக்கு மட்டும் தமிழ் சொல்லிக்கொடு” என்று வீட்டுக்கு வந்து நின்றாள்.

நான் சொல்லிக்கொடுத்தது மூன்று நாள். எனக்குப் பொறுமை கிடையாது. நாலாம் நாள் அண்ணி குறுக்கே புகுந்தார்.

அண்ணி என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்துவிட்டு, பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போய், அப்புறம் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவர். ஆங்கிலத்தில் யெஸ், நோ இரண்டும் தெரியும். அவர் முன்னால் நான் வேண்டுமென்றே ஆங்கிலப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பேன். அப்படி ஒரு புத்தி எனக்கு.

“பாப்பா, அந்தப் பிள்ளய ஏன் இப்படி விரட்டுற? இங்க வா தங்கச்சி. நீ மலாயில சொல்லு, நான் தமிழ்ல சொல்றேன்லா” என்றார் அண்ணி, கீரை ஆய்ந்தபடியே.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் அடுப்படியில் அதுதான் நடந்தது. தோழி ஒரு வாக்கியத்தை மலாயில் சொல்லுவாள். ஆங்கில வினையை மட்டும் நான் அண்ணிக்கு விளக்குவேன். அண்ணி யோசிக்கவே மாட்டார்.

“பசாருக்குப் போறதுன்னா அவளுக்கு உசுரு.”

“போறது!” என்பாள் தோழி. என்ஜாய், கோயிங் என்று எழுதிக்கொள்வாள்.

“எவ்வளவோ கூப்பிட்டேன், போக மாட்டேன்னுட்டா.”

“போக!” ரெஃப்யூஸ், டு கோ.

“நடுவழியில பேச நின்னுட்டா. இது வேற. பேசுறத நிறுத்திட்டா. அது வேற.” இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஸ்டாப்தான். முதலாவது டு டாக், இரண்டாவது டாக்கிங். விரிவுரையாளர் இதை விளக்க முழுசாக ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டார். அண்ணிக்கு ஒரு கட்டுக் கீரை ஆயும் நேரம் போதுமாக இருந்தது.

தோழி அண்ணியை மலாய் வழக்கப்படி, அக்கா என்ற அர்த்தத்தில், ‘காக்கா’ என்று கூப்பிடுவாள். “என்னயக் காக்கான்னு கூப்பிடுறா பாரு, நான் அவ்வளவு கறுப்பா?” என்று அண்ணி சிரித்துக்கொண்டே அவளுக்குக் காப்பி ஊற்றுவார். அந்த அடுப்படிப் புகையும், அவர்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்ட போறதும் போகவும் இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அப்போது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எல்லாம் குப்புற விழுந்தது. பயிற்சித் தாளில் தோழி, சஜெஸ்ட் என்ற வினைக்குப் பின்னால் டு கோ எழுதியிருந்தாள். கன்சிடருக்கும் அப்படியே. விரிவுரையாளர் சிவப்பு மையால் கோடு கிழித்திருந்தார். “வர்றேன்னு சத்தியம் பண்ணான்” என்று அண்ணி சொன்னபோது, ப்ராமிஸுக்கு டு கம் சரியாக வந்தது. அதனால் ‘னு’ என்று முடிந்தால் எல்லாம் டு என்று அவள் தானாக ஒரு விதி போட்டுக்கொண்டாள். “போகலாம்னு சொன்னா” என்பதிலும் ‘னு’ இருக்கிறதே! சஜெஸ்ட் என்றால் கோயிங் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி வந்ததை மறைக்க மாட்டேன். “அடுப்படித் தமிழ வச்சு பரீட்சை எழுத முடியுமா? நான் அப்பவே நினைச்சேன்” என்றேன், அண்ணி காதில் விழும்படி.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோபப்படவில்லை. இரண்டு வாக்கியத்தையும் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு அவரே வாய்க்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார்.

“பாப்பா, ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? ‘வர்றேன்’னு சொன்னா அவனேதான் வரணும், மாட்டிக்கிட்டான். ‘போகலாம்’னா யார் போவா, எப்பப் போவான்னு யாருக்குத் தெரியும்? சும்மா பேச்சா நிக்குது. ‘போகலாமா’ன்னு யோசிச்சாலும் அப்படித்தான். ‘லாம்’ வந்தா அது போறதுப் பக்கம்னு வச்சுக்கச் சொல்லு.”

நான் உள்ளே போய்ப் பட்டியலை எடுத்தேன். ப்ராமிஸ், டிசைட், த்ரெட்டன் எல்லாம் ‘றேன்’. டு. சஜெஸ்ட், கன்சிடர், ரெகமெண்ட் எல்லாம் ‘லாம்’. இங். விரலால் தேடித் தேடிப் பார்த்தேன். தவறு கண்டுபிடிக்கத்தான் தேடினேன். ஒன்றிரண்டு கிடைத்தன. அட்மிட், ஃபினிஷ் மாதிரி சில சொற்கள் எந்தப் பக்கமும் ஒட்டவில்லை. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். மற்றபடி, புத்தகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு விதியை அண்ணி வாசற்படியில் நின்றபடி கண்டுபிடித்திருந்தார். “பெத்துல் கா?” என்று தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டாள். நிஜம்தான் என்று தலையாட்டினேன். வாய் திறந்து சொல்ல மனம் வரவில்லை.

பரீட்சை அன்று தோழி எனக்கு முன்வரிசையில் இருந்தாள். அவள் வாயும் முணுமுணுத்தது.

முடிவு வந்த நாள், பலகையில் பெயரைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தோம். அவள் தேறியிருந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இனி அவளுக்கே. ஆங்கிலத் தாளில் எனக்கும் அவளுக்கும் நாலே மார்க்குதான் வித்தியாசம். அவள் நேராக அடுப்படிக்குள் போய் அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அவரும் அங்கே வந்து நின்றார்.

“காக்கா, நான் இனிமே போக வேணாம். ஸ்கூல விட்டுப் போக வேணாம்” என்றாள் தோழி, தமிழில். பட்டியலில் இல்லாத வாக்கியம் அது. அவளே கட்டியது.

அண்ணியின் முகம் மலர்ந்துபோயிற்று. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “உனக்கு எத்தன மார்க்கு?” என்று அவளைக் கேட்டார். சொன்னாள். “பாப்பாவுக்கு?” சொன்னேன்.

“அப்ப எனக்கு எத்தன மார்க்கு?”

அண்ணன் சிரித்தார். தோழிக்கு அது முழுசாகப் புரிந்ததோ இல்லையோ, அவளும் சிரித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். அண்ணி மட்டும் சிரிக்காமல், பதில் வரும் என்று ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அடுப்பில் பால் பொங்குகிறது என்று திரும்பிக்கொண்டார்.